'ஆமா'ன்னு சொன்னேன், மேல இருந்த கேள்வி மாறிடுச்சு. என் ரிப்ளைய இப்ப என்ன பண்றது?

ராத்திரிஷிப்ட்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

எங்க டீம் வாட்ஸப் க்ரூப்ல 11 பேர். போன வாரம் ஒரு நாள் காலைல 10:42க்கு எங்க ஜூனியர் பையன் ஒருத்தன், "அண்ணே டிஸ்க் 94% ஆயிடுச்சு, போன வருஷ லாக் ஃபைல்ஸ் அழிச்சிடலாமா"ன்னு கேட்டான். நான் 10:44க்கு "ஆமா தாராளமா அழிச்சிடலாம், யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு போட்டுட்டு மீட்டிங் போயிட்டேன். குவோட் எல்லாம் பண்ணல, அவன் மெசேஜுக்கு நேர் கீழ டைப் பண்ணேன், அவ்வளவுதான்.

அப்புறம் என்னாச்சுன்னா, அந்தப் பையன் தன் மெசேஜ எடிட் பண்ணி "போன வருஷ லாக் ஃபைல்ஸும் பேக்கப்பும் அழிச்சிடலாமா"ன்னு மாத்தியிருக்கான். கூடுதலா வந்தது ஒரே ஒரு வார்த்தை. அழிக்கிற வேலைய செய்றது வேற ஒருத்தர், அவர் மத்தியானம் மூணு மணிக்கு க்ரூப்ப ஸ்க்ரோல் பண்ணி பாக்குறார், மேல கேள்வி, கீழ என் பேர்ல "ஆமா தாராளமா". அழிச்சிட்டார். அவர் மேல தப்பே சொல்ல முடியாது, நானா இருந்தாலும் அழிச்சிருப்பேன்.

நல்லவேளை பேக்கப்போட இன்னொரு காப்பி வேற இடத்துல இருந்துச்சு, அரை நாள் போச்சு, அதோட முடிஞ்சுது. பையன்கிட்ட கேட்டேன், "அண்ணே பேக்கப்ப சொல்ல மறந்துட்டேன், அதான் சேத்தேன், நீங்க பாத்துருப்பீங்கன்னு நெனச்சேன்"ங்கறான். கெட்ட எண்ணம் சத்தியமா கிடையாது.

இப்ப என் கேள்வி யார் தப்புன்னு இல்ல. அந்த "ஆமா" இன்னும் க்ரூப்ல அப்படியே கெடக்கு. ஆறு மாசம் கழிச்சு யாராவது பாத்தா பேக்கப்ப அழிக்கச் சொன்னது நான்தான்னு தான் படிப்பாங்க. அத டெலீட் பண்ணவா, கீழ விளக்கம் எழுதவா, இல்ல கண்டுக்காம விட்டுடவா?

---

குட்டிச்சுவர்

ப்ரோ சிம்பிள். செட்டிங்ஸ்ல பேக்கப் ஆன்ல இருந்தா வாட்ஸப்ப அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்ப போட்டு ரீஸ்டோர் குடுங்க, பேக்கப் எடுத்ததுக்கு அப்புறம் டெலீட் ஆன மெசேஜ் வந்துரும். நான் ஒரு தடவ பண்ணிருக்கேன்.

---

ராத்திரிஷிப்ட்

@குட்டிச்சுவர் ப்ரோ அழிஞ்சது எங்க சர்வரோட பேக்கப், வாட்ஸப் பேக்கப் இல்ல 😅 எனக்கு எந்த மெசேஜும் திரும்ப வேணாம், என் ரிப்ளைய என்ன பண்றதுங்கறது தான் கேள்வி.

---

ரெண்டாம்பெஞ்ச்

இதுக்குத்தான் சொல்றது எப்பவும் ஸ்வைப் பண்ணி குவோட் போட்டு ரிப்ளை பண்ணுங்கன்னு. குவோட் பண்ணிட்டீங்கன்னா பழைய மெசேஜ் உங்க ரிப்ளைக்குள்ளயே உக்காந்துக்கும், அவன் அழிச்சாலும் சரி மாத்துனாலும் சரி உங்களுக்கு கவலையே இல்ல. எல்லா ஆப்லயும் இந்த வசதி இருக்கு. ப்ராப்ளம் சால்வ்ட்.

---

பழைய_விசைப்பலகை

@ரெண்டாம்பெஞ்ச் பாதி சரி தம்பி. வசதி எல்லாத்துலயும் இருக்கு, ஆனா உள்ள நடக்குறது ஆப்புக்கு ஆப் வேற. வாட்ஸப்ல நீங்க குவோட் பண்ணா அந்த மெசேஜோட ஒரு நகல் உங்க ரிப்ளைக்குள்ள போகுது, அதனால அவர் தன்னோடத அழிச்சாலும் உங்க ரிப்ளைக்கு மேல அந்த வரி தெரியும். டிஸ்கார்ட்ல அப்படி இல்ல, அங்க உங்க ரிப்ளை மூல மெசேஜ கை காட்டுது, அவ்வளவுதான், அவர் அழிச்சா "மூல மெசேஜ் அழிக்கப்பட்டது"ன்னு ஒரு வரி மட்டும் நிக்கும். டெலிகிராம்ல சும்மா ரிப்ளை குடுத்தாலும் அதே கதைதான். அவர் மாத்தி எழுதுனா உங்க ரிப்ளைக்கு மேலயும் மாத்துனது தான் வரும். அதாவது கை காட்டுற எடத்துல இருக்குற ஆள் மாறிட்டா, நீங்க புது ஆளத்தான் காட்டிக்கிட்டு நிப்பீங்க.

இன்னொன்னு, வாட்ஸப்லயே கூட அந்த நகல முழுசா நம்பாதீங்க. சாட்ட எக்ஸ்போர்ட் பண்ணி டெக்ஸ்ட் ஃபைலா எடுத்துப் பாருங்க, எந்த மெசேஜுக்கு எது ரிப்ளைங்கற தகவலே அதுல வராது. வெறும் "ஆமா" மட்டும் ஒரு வரியா நிக்கும். பின்னாடி ஏதாவது பிரச்சனைன்னு வரும்போது எல்லாரும் எடுக்குறது அந்த ஃபைலத்தான்.

ராத்திரிஷிப்ட், உங்க கேஸுக்கு வரேன். உங்கள மாட்ட வெச்சது எடிட் கூட இல்ல, அந்த நேரம். வாட்ஸப்ல ஒருத்தர் அனுப்புன 15 நிமிஷத்துக்குள்ள எடிட் பண்ணலாம். பண்ணா ஓரமா "எடிட்டட்"னு ஒரு சின்ன எழுத்து வரும், ஆனா நேரம் என்னமோ மொதல்ல அனுப்புன நேரமே தான். அந்தப் பையன் எப்ப மாத்துனான்?

---

ராத்திரிஷிப்ட்

10:51ன்னு அவனே சொன்னான், மீட்டிங் லிங்க் வந்த நேரத்த வெச்சு ஞாபகம் வெச்சிருக்கான். ஸ்க்ரீன்ல எங்கயும் அந்த 10:51 இல்ல.

---

பழைய_விசைப்பலகை

அதான். உண்மையா நடந்த வரிசை: 10:42 கேள்வி, 10:44 உங்க ஆமா, 10:51 பேக்கப் உள்ள வருது. ஸ்க்ரீன் சொல்ற வரிசை: 10:42 பேக்கப்போட கேள்வி, 10:44 ஆமா. நடந்த மூணுல ஒண்ணு காணாம போயிடுச்சு. எடிட்டட்ங்கற எழுத்த யாராவது கவனிச்சா கூட, எழுத்துப்பிழை ஏதோ திருத்தியிருப்பான், அதுக்கப்புறம் இவர் ஆமா சொல்லியிருப்பார்னு தான் நெனப்பாங்க. அதுவும் பத்தாதுன்னு, எடிட் பண்ணா மத்தவங்களுக்கு புதுசா நோட்டிஃபிகேஷன் போகாது. நீங்க மீட்டிங்ல போன கைல வெச்சிட்டே உக்காந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது.

சிக்னல்லயும் ஐமெசேஜ்லயும் அந்த "எடிட்டட்"ட தொட்டா பழைய வடிவம் என்னன்னு காட்டும், வாட்ஸப்ல அந்த வசதி இல்லாததால நீங்க தான் வாய தொறந்து சொல்லணும்.

என் யோசனை இதான். உங்க "ஆமா"வ அழிக்காதீங்க. போன வாரம் போட்டதுங்கறதால எல்லாருக்குமா அழிக்கிற நேரம் அனேகமா தாண்டியிருக்கும், தாண்டலன்னாலும் அழிச்சா அந்த எடத்துல "இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது"ன்னு உங்க பேர்ல நிக்கும், பேக்கப் போன அன்னிக்கு அதுக்கு நேர் கீழ இவர் எதையோ அழிச்சிருக்காரேன்னு சந்தேகம் தான் வரும். எப்படியும் மூணு மணிக்கு அந்த அண்ணன் அத படிச்சு வேலையே செஞ்சாச்சு. உங்களால இப்ப எடிட்டும் பண்ண முடியாது, உங்க 15 நிமிஷம் 10:59க்கே முடிஞ்சுது. மிச்சம் இருக்குறது ஒரே வழி, உங்க சொந்த ரிப்ளையவே குவோட் பண்ணி கீழ புதுசா எழுதுறது. இப்படி:

"10:44க்கு நான் ஆமான்னது லாக் ஃபைல்ஸுக்கு மட்டும். அப்ப மேல இருந்த மெசேஜ்ல பேக்கப்ங்கற வார்த்தை இல்ல, 10:51க்கு சேந்துச்சு. பேக்கப்ப அழிக்க நான் ஓகே சொல்லல."

இதுல யாரையும் திட்டல பாருங்க. அவன் மாத்திட்டான்னு கூட எழுதல, சேந்துச்சுன்னு எழுதுனா போதும். எது இருந்துச்சு, எது இல்ல, எந்த நேரம். அதுக்கு கீழ அந்தப் பையன "ஆமா அண்ணே, நான் தான் அப்புறம் சேத்தேன்"னு ஒரு வரி போடச் சொல்லுங்க. அந்த வரி இல்லன்னா நீங்க எழுதுனது உங்க பக்க கதை மட்டும் தான், அது இருந்தாத்தான் கணக்கு நேராகும்.

---

நிலாஅம்மா

நான் வேற மாதிரி மாட்டுனேன், இங்க சொல்லலாமான்னு தெரியல, இருந்தாலும் சொல்றேன். எங்க சொந்தக்காரங்க டெலிகிராம் க்ரூப். காலைல 9:10க்கு ஒரு பெரியவர் தவறிட்டார்னு செய்தி வந்துச்சு. அத பாக்காமயே என் நாத்தனார் பொண்ணு 9:12க்கு தன் ரிசல்ட் வந்துடுச்சு பாஸ்னு போட்டா. நான் போன தொறந்ததும் கண்ணுல பட்டது கடைசியா இருந்த அந்த மெசேஜ் தான், உடனே "ரொம்ப சந்தோஷம்டா, எதிர்பாத்தது தானே 🎉"ன்னு போட்டுட்டு போன வெச்சுட்டேன்.

அவ அப்புறம் மேல பாத்துருக்கா, ஐயய்யோன்னு தன்னோடத அழிச்சிட்டா. டெலிகிராம்ல அழிச்சா அழிச்ச சுவடே இருக்காது. அதனால என்ன ஆச்சு, துக்கச் செய்திக்கு நேர் கீழ என் பேர்ல "ரொம்ப சந்தோஷம்டா, எதிர்பாத்தது தானே", பட்டாசு வேற. ஒன்றரை மணி நேரம் அப்படியே இருந்துருக்கு. தவறுனவரோட மருமக எனக்கு போன் பண்ணி ஒண்ணுமே பேசாம வெச்சுட்டாங்க. அப்பத்தான் தொறந்து பாத்தேன். உடம்பெல்லாம் நடுங்கிடுச்சு.

நான் உடனே அழிச்சிட்டேன். விசைப்பலகை சார் சொல்ற மாதிரி வெச்சுக்கிட்டு கீழ விளக்கம் எழுதியிருக்கணுமா?

---

அரைக்கிறுக்கன்

அக்கா நீங்க பண்ணது தான் சரி. துக்க செய்திக்கு கீழ "நான் அத சொல்லல இத சொன்னேன்"னு பத்தி பத்தியா யார் படிப்பா.

---

பழைய_விசைப்பலகை

நிலாஅம்மா, உங்க கேஸ்ல நானும் அழிக்கத்தான் சொல்லியிருப்பேன். அந்த வரியால ஒரு முடிவும் எடுக்கல, ஒரு வேலையும் நடக்கல, இருக்குற ஒவ்வொரு நிமிஷமும் புதுசா ஒருத்தர் மனசு தான் நோகும். ராத்திரிஷிப்ட்டோட "ஆமா" அப்படி இல்ல, அத நம்பி ஒருத்தர் கை வெச்சாச்சு, அதனால அது இருந்தாகணும்.

ஆனா அழிச்சதோட நிக்கக் கூடாதுன்னு நெனக்கிறேன். ஒன்றரை மணி நேரத்துல பாத்தவங்க பாத்துட்டாங்க, அழிச்சதால அவங்க பாத்தது மறையாது, சொல்லப்போனா நீங்க மறைக்கிற மாதிரி கூட தோணும். மருமகளுக்கு போன் பண்ணீங்களா?

---

நிலாஅம்மா

பண்ணேன். எடுக்கல. அப்புறம் நேர்ல போய் சொன்னேன், என் நாத்தனார் பொண்ணும் கூட வந்தா. "அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன், இருந்தாலும் அந்த நேரத்துல..."ன்னு சொன்னாங்க. க்ரூப்ல நான் எதுவும் எழுதல. இன்னும் சில பேர் என்ன நெனச்சிட்டு இருக்காங்கன்னு எனக்கு தெரியாது.

---

ரெண்டாம்பெஞ்ச்

அக்கா அந்த இடத்துல ஸ்வைப் பண்ணி ரிப்ளை பண்ணியிருந்தா? இதுக்காவது என் ஐடியா வேலை செஞ்சிருக்குமா இல்லியா?

---

பழைய_விசைப்பலகை

செஞ்சிருக்கும் தம்பி, இத ஒத்துக்கிறேன். டெலிகிராம்ல ரிப்ளையா குடுத்திருந்தா, கம்ப்யூட்டர் ஆப்லயாவது மேல "அழிக்கப்பட்ட மெசேஜ்"னு தலைப்பு வந்திருக்கும், என்ன இருந்துச்சுன்னு தெரியாது, ஆனா துக்கச் செய்திக்கு சொல்லலங்கறது பாத்த உடனே தெரிஞ்சிருக்கும். பாதி சரின்னு சொன்னேனே, அந்தப் பாதி இதான். எதுக்கு பதில் இல்லங்கறதையாவது ரிப்ளை காட்டிக் குடுக்கும்.

---

மூணாவது_மாடி

எல்லாரும் ரிப்ளை பண்ணவன் பக்கமே பேசுறீங்க. அழிச்சவங்க பக்கமும் கொஞ்சம் பாருங்க. எங்க குடியிருப்போர் சங்க க்ரூப்ல செயலாளர் கேமராவோட பாஸ்வேர்ட தனி சாட்ல அனுப்புறதுக்கு பதிலா க்ரூப்ல போட்டுட்டார். ஒரு நிமிஷத்துல அழிச்சிட்டார். ஆனா அதுக்குள்ள ஒரு அங்கிள் அத குவோட் பண்ணி "கிடைத்தது நன்றி 🙏"ன்னு போட்டுட்டார். மேல "அழிக்கப்பட்டது", கீழ அங்கிள் மெசேஜ்ல பாஸ்வேர்ட் முழுசா பல்ல இளிச்சிட்டு நிக்குது. யாரும் கவனிக்கல, மறுநாள் சாயங்காலம் தான் நான் பாத்தேன்.

அங்கிள்கிட்ட சொன்னா "நான் நன்றின்னு தானே போட்டேன், அதுல என்ன தப்பு"ங்கறார். அவர் சொல்றதும் வாஸ்தவம் தான். அப்புறம் எடிட் பண்ணப் பாத்தார், ஆனா எடிட் பண்றப்ப அவர் எழுதுனத தான் மாத்த முடியும், மேல இருக்குற குவோட்ட தொட முடியாது. நேரமும் எப்பவோ தாண்டிடுச்சு. இதுக்கு என்ன பண்றது? நாங்க கடைசில பாஸ்வேர்டையே மாத்திட்டோம்.

---

பழைய_விசைப்பலகை

பாஸ்வேர்ட மாத்துனது தான் அதுல மொதல் வேலை, மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம். அந்த ஒரு நிமிஷத்துலயே அது எல்லார் போன் நோட்டிஃபிகேஷன்லயும் வந்து போயிருக்கும்.

ரிப்ளைக்கு வந்தா, இங்க அங்கிள் தன் "நன்றி"ய எல்லாருக்குமா அழிச்சிருக்கணும். வாட்ஸப்ல அனுப்பி ரெண்டு நாளும் ஒரு அரை நாளும் வரைக்கும் எல்லாருக்குமா அழிக்கலாம், நீங்க பாத்த மறுநாள் சாயங்காலம்னா நேரம் இருந்திருக்கு. அவர் கேக்கலன்னா க்ரூப் அட்மின் அவரோட மெசேஜ அழிக்கலாம், "அட்மின் அழித்தார்"னு வரும், அங்கிள் கோச்சுக்குவார், அதுக்கு முன்னாடி தனியா ஒரு வார்த்த சொல்லிட்டு செய்யுங்க.

இன்னொன்னு, இதத்தான் நெறைய பேர் சொதப்புவாங்க. அழிச்ச மெசேஜுக்கு ரிப்ளை அந்தரத்துல தொங்குதேன்னு, நல்லது பண்றதா நெனச்சுக்கிட்டு "இவர் போட்டுருந்தது இது தான்"னு திரும்ப டைப் பண்ணி போடுறது. அவர் வேணும்னு அழிச்சத நீங்க உசுரோட எழுப்புறீங்க. விளக்கம் எழுதணும்னா என்ன விஷயம்னு மட்டும் சொன்னா போதும், "மேல இருந்தது கேமரா சம்பந்தமானது, முடிஞ்சுது" அப்படின்னு. உள்ள இருந்தத எழுத வேண்டியதில்ல.

---

குட்டிச்சுவர்

சரி மெசேஜ் ரெக்கவர் பண்ற மேட்டர்னு தப்பா புரிஞ்சுக்கிட்டேன் மன்னிச்சுக்கோங்க. ஆனா ராத்திரிஷிப்ட் ப்ரோவுக்கு இது உதவும்னு நெனக்கிறேன்: ஆண்ட்ராய்டு 11ல இருந்து செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரின்னு ஒண்ணு இருக்கு. ஆன்ல இருந்தா கடைசி 24 மணி நேரத்துல வந்த நோட்டிஃபிகேஷன் அப்படியே இருக்கும். 10:42க்கு வந்தப்ப பேக்கப்ங்கற வார்த்தை இல்லங்கறதுக்கு ப்ரூஃப். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து க்ரூப்ல போடுங்க, கேஸ் க்ளோஸ்.

---

ராத்திரிஷிப்ட்

அட இது நல்லாருக்கே. ஆனா போன வாரம் நடந்தது ப்ரோ, 24 மணி நேரம் எப்பவோ போச்சு. என் போன்ல அது ஆஃப்ல தான் இருந்துச்சு வேற, இப்ப தான் தேடி ஆன் பண்ணேன்.

---

அரைக்கிறுக்கன்

ஆன் பண்ணது சரி, ஆனா இதுக்குன்னே தனியா "அழிச்ச மெசேஜ படிக்கலாம்"னு விளம்பரம் பண்ற ஆப்ஸ் எதையும் போட்டுடாதீங்க. அதுங்க கேக்குறது உங்க மொத்த நோட்டிஃபிகேஷனையும் படிக்கிற அனுமதி, அப்புறம் பேங்க் ஓடிபி கூட அது கண்ணு முன்னாடி போகலாம்.

அப்புறம் ப்ரூஃப் காட்டுற ஐடியாவே எனக்கு பிடிக்கல. பையன் தான் ஒத்துக்கிட்டானே. 11 பேர் முன்னாடி ஸ்க்ரீன்ஷாட் போட்டா அது விளக்கம் இல்ல, பஞ்சாயத்து. அடுத்த தடவ அவன் எழுத்துப்பிழை திருத்தக் கூட பயப்படுவான்.

---

குட்டிச்சுவர்

ஒத்துக்கிட்டான் சரி, ஒத்துக்கலன்னா? எங்க ஆஃபீஸ்ல எல்லாம் யாரும் ஒத்துக்க மாட்டாங்க. ஸ்க்ரீன்ஷாட் இல்லாம பொழப்பே இல்ல.

---

செமிகோலன்_செல்வி

நடுவுல வரேன். நான் எங்க கம்பெனிக்குள்ள யூஸ் பண்ற ஒரு சின்ன சாட் டூல எழுதுறவ. இந்த இழைய படிச்சதும் எனக்கு குத்துது, ஏன்னா மொதல் வெர்ஷன்ல நான் பண்ணி வெச்சது இத விட மோசம்.

ஒவ்வொரு ரிப்ளைலயும் `reply_to`ன்னு ஒரு ஃபீல்ட், அதுல மேல் மெசேஜோட நம்பர். மேல் மெசேஜ அழிச்சா என்ன ஆகணும்னு டேட்டாபேஸ் கேக்கும். நான் மொதல்ல `ON DELETE CASCADE` போட்டேன், ஒருத்தர் தன் கேள்விய அழிச்சா அதுக்கு வந்த ஒம்போது பதிலும் சேந்து காணாம போச்சு, எழுதுனவங்க எல்லாம் என் டேபிளுக்கு வந்துட்டாங்க. சரின்னு `ON DELETE SET NULL`னு மாத்துனேன். இப்ப பதில்கள் தப்பிச்சுது, ஆனா அதுங்க ரிப்ளைங்கறதே மறந்து போச்சு. வெறும் "வேணாம், அடுத்த வாரம் பாக்கலாம்"னு ஒரு மெசேஜ் தனியா நிக்கும், எத வேணாம்னாங்க யாருக்கும் தெரியாது. நிலாஅம்மா சொன்ன கதை தான், பட்டாசு மட்டும் இல்ல.

கடைசில டேட்டாபேஸ்ல அந்த மெசேஜோட வரியையே அழிக்கக் கூடாதுன்னு புரிஞ்சுது. உள்ள இருக்குற எழுத்த மட்டும் காலி பண்ணு, எடம் இருக்கட்டும்:

```sql
UPDATE messages
SET body = NULL, deleted_at = now()
WHERE id = 4127;
```

இப்ப அழிச்சவரோட விஷயமும் போயிடுது, ரிப்ளைக்கு மேல "இங்க ஒண்ணு இருந்துச்சு"ன்னு எடமும் நிக்குது.

எடிட் தான் கஷ்டம். அதுக்கு நான் பண்ணது, மெசேஜுக்கு வெர்ஷன் நம்பர் போட்டு, ஒருத்தர் ரிப்ளை பண்றப்ப அவர் எந்த வெர்ஷன பாத்தார்ங்கறதையும் ரிப்ளையோட சேத்து வெச்சுக்கிறேன். ரெண்டும் ஒத்து வரலன்னா ரிப்ளைக்கு ஓரத்துல "இது எழுதுன பிறகு மேல உள்ளது மாறியிருக்கு"ன்னு சின்னதா காட்டும். ராத்திரிஷிப்ட் சாரோட "ஆமா"வுக்கு பக்கத்துல அது இருந்திருந்தா மூணு மணிக்கு அந்த அண்ணன் ஒரு நொடியாவது நின்னிருப்பார்.

---

ரெண்டாம்பெஞ்ச்

செம. ஆனா எழுத்துப்பிழை திருத்துனா கூட அந்த எச்சரிக்கை வருமே?

---

செமிகோலன்_செல்வி

வரும். அதான் இப்ப எங்க ஆளுங்க புகார். "அழிக்கலாமா"வ "அழிக்கலாமா?"ன்னு மாத்துனா கூட காட்டுது, நாலு நாள்ல எல்லாரும் அத பாக்குறதையே விட்டுட்டாங்க. எத்தன எழுத்து மாறுனா காட்டணும்னு ஒரு அளவு வெக்கலாம்னு பாத்தேன், ஆனா "வேண்டும்", "வேண்டாம்"ல மாறுறது எத்தன எழுத்து? கையில விடை இல்ல.

---

மூணாவது_மாடி

அந்த ஒரு உதாரணத்துலயே வயித்த கலக்குது.

---

பழைய_விசைப்பலகை

செல்வி சொன்னது மாதிரி டூல் இல்லாதவங்க, அதாவது நாம எல்லாரும், கையால செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. வேலை விஷயத்துக்கு வெறும் "ஆமா", "ஓகே", "👍" போடாதீங்க. எதுக்கு ஆமாங்கறத உங்க வரிக்குள்ளயே போட்டுடுங்க. "போன வருஷ லாக் ஃபைல்ஸ் அழிச்சிடலாம்"னு ராத்திரிஷிப்ட் எழுதியிருந்தா, மேல அவன் என்ன வேணா சேத்துக்கட்டும், குவோட் இருக்கட்டும் இல்லாம போகட்டும், எக்ஸ்போர்ட் ஃபைல்லயும் அது தன் கால்ல நிக்கும். நாலு வார்த்தை தான் கூட. 👍 தான் இருக்குறதுலயே மோசம், அது அந்த மெசேஜ் மேலயே ஒட்டிக்கும், மெசேஜ் மாறுனா அதுவும் கூடவே போய் புது மெசேஜுக்கு சரின்னு சொல்லிக்கிட்டு நிக்கும்.

எடிட் பண்றவங்களுக்கு நான் எங்க டீம்ல சொல்றது, கீழ ஒருத்தர் பதில் சொல்லிட்டாருன்னா அதுக்கப்புறம் எழுத்துப்பிழை மட்டும் திருத்து. அர்த்தம் மாறும்னா புதுசா ஒரு மெசேஜ் போடு, "பேக்கப்பும் சேத்து கேக்குறேன்"னு. புது மெசேஜ்னா நோட்டிஃபிகேஷனும் போகும், நேரமும் உண்மை நேரமா இருக்கும்.

---

அரைக்கிறுக்கன்

விசைப்பலகை சார், ஒவ்வொண்ணுக்கும் முழு வாக்கியம் எழுதிட்டு இருந்தா க்ரூப்ப திறக்கவே பயமா இருக்கும். எங்க அண்ணன் ஒருத்தர் இப்படித்தான், ஓகேங்கறதுக்கு நாலு வரி எழுதுவார், யாரும் படிக்கிறது இல்ல.

---

பழைய_விசைப்பலகை

நீங்க டீ குடிக்க வரலாமான்னு கேட்டா நானும் 👍 தான் போடுவேன். அழிக்கிறது, அனுப்புறது, பணம் கட்டுறது, இந்த மூணுக்கு மட்டும் எழுதுங்க.

---

ராத்திரிஷிப்ட்

அப்டேட். இன்னிக்கு காலைல என் பழைய ரிப்ளைய குவோட் பண்ணி போட்டேன். விசைப்பலகை சார் குடுத்தத கொஞ்சம் மாத்தி, "பேக்கப்ப அழிக்க நான் ஓகே சொல்லல"ங்கறத எடுத்துட்டு "பேக்கப் பத்தி அப்ப பேச்சே வரல"ன்னு போட்டேன், அது கொஞ்சம் மெதுவா இருக்குற மாதிரி தோணுச்சு. பையனுக்கு முன்னாடியே தனியா சொல்லிட்டேன். அவன் கீழ "ஆமா, நான் 10:51க்கு சேத்தேன், சொல்லாம மாத்துனது என் தப்பு"ன்னு போட்டான், அந்த ரெண்டாவது பாதிய நான் கேக்கல, அவனா போட்டது.

ஸ்க்ரீன்ஷாட் எதுவும் போடல. ஆனா அழிச்ச அண்ணன் தனியா கேட்டார், "அப்ப நான் மூணு மணிக்கு பாத்தது என்ன, எனக்கு யாரு விளக்கம் குடுப்பா"ன்னு. அவர் பேர் தானே அந்த வேலைக்கு பதிவுல இருக்கு. அவருக்கு நான் என்ன எழுதணும்னு இன்னும் யோசிக்கிறேன்.

---

குட்டிச்சுவர்

அதான் சொன்னேன் ஸ்க்ரீன்ஷாட்னு.

---

பழைய_விசைப்பலகை

ஸ்க்ரீன்ஷாட் வேணாம். அவரையும் அதே இழைல கொண்டு வாங்க, "15:00க்கு அவர் பாத்தப்ப மெசேஜ் மாறியிருந்துச்சு, அவர் படிச்ச படி செஞ்சது சரி"ன்னு உங்க பேர்ல ஒரு வரி. அத நீங்க தான் எழுதணும், பையன் எழுதுனா எடுபடாது.

---

ராத்திரிஷிப்ட்

போட்டுட்டேன். அவர் ❤️ போட்டுருக்கார். இனிமே இத எடிட் பண்ணக் கூடாது 😄